தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு

குப்பைக் கூடையை வாசலில் வைக்க முத்துமாரி ஓரடி வெளியே வந்தாள். வடாலாவின் காற்று கதவை அறைந்து சாத்தியது. சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் லாட்ச் பூட்டு. சாவி உள்ளே, போன் உள்ளே, செருப்புகூட உள்ளே. நைட்டியும் கூடையுமாக அவள் மட்டும் வெளியே.

கோவில்பட்டியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. புருஷன் ராஜபாண்டி விடியுமுன் தாராவிப் பட்டறைக்குப் போய், ராத்திரிச் சோற்றுக்கு வருகிறவன். "தீபாவளி வரைக்கும் பாக்கேன். பேச ஒரு ஆளு கிடைக்கலைன்னா எனக்கு ஊருக்கு டிக்கெட்டப் போட்டுரு" என்று அவனுக்குக் கெடு வைத்திருந்தாள்.

முயற்சி செய்யாமல் இல்லை. கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் வணக்கம் போட்டாள். சில கட்டைவிரல்களும், தண்ணீர் லாரி வரும் நேரமும் பதிலாக வந்தன. எதிர்வீட்டுக் கோமதியம்மாள் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "ஒருநாள் வாங்களேன்" என்பாள். எந்த ஒருநாள் என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டாள்.

இப்போது வேறு வழியில்லை. பெல்லை அமுக்கினாள்.

கோமதியம்மாள் கூடையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். இரண்டு நாற்காலிகளை நடையில் போட்டுவிட்டு, ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் சாவிக்காரர் மன்சூர் அலிக்குப் போன் போட்டாள். எண்ணைத் தேடவே இல்லை.

"மன்சூரு, எதிர்வீட்டுல லாட்ச் விழுந்துட்டு. அவசரமில்ல. கையில உள்ள வேலைய முடிச்சிட்டே வா."

டீ வந்தது. மேல்மாடி நஜ்முன்னிசா அவரைக்காய்ப் பையோடு வந்தவள், நின்று விசாரித்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முத்துமாரியும் ஒரு கை அள்ளி நார் உரித்தாள். நஜ்முன்னிசாவின் முழங்கால் வலி, கோமதியம்மாளின் மருமகள், முத்துமாரி தங்கைக்கு வந்த வரன் எல்லாம் நடைக்கு வந்தன. மன்சூர் அலி வந்து நொடியில் திறந்தபோது, இந்த ஆளுக்கு ஏன் இத்தனை அவசரம் என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் அவளாகவே போனாள். கோமதியம்மாள் கிரில் கதவைத் திறக்காமலே, "என்னம்மா வேணும்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்."

இந்த ஊரில் சும்மா வருகிறவர்களுக்குக் கிரில் திறப்பதில்லை. இருவரும் கம்பிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கொஞ்சம் சிரித்தார்கள். முத்துமாரி திரும்பி வந்தாள்.

அடுத்த வாரம் காற்றே இல்லை. கதவு சாத்திக்கொண்டது.

அன்று கணக்குப் பிசகிவிட்டது. கோமதியம்மாள் மாட்டுங்காவுக்குக் காய் வாங்கப் போயிருந்தாள். படியில் படுத்திருந்த பூனை மட்டும் துணைக்கு இருந்தது. அதன்பின் முத்துமாரி நேரம் பார்த்துச் சாத்தினாள். சீரியல் முடிந்து, தண்ணீர் வருவதற்கு முன்னால்.

ஒவ்வொரு தடவையும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இவள் நஜ்முன்னிசாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவள் மலிவாக மீன் கிடைக்கும் இடத்தைக் காட்டினாள். கோமதியம்மாளின் "நீங்க" மெல்ல "நீ" ஆகி, ஒருநாள் "ஏட்டி" ஆனது. திருநெல்வேலிக்காரி கையால் அதற்கு மேல் பதவி கிடையாது.

ஆனால் கட்டடத்தில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியிருந்தது. சின்ன வயதிலேயே இப்படி மறதியா? நஜ்முன்னிசா ஊறவைத்த பாதாம் கொண்டுவந்தாள். கோமதியம்மாள் வல்லாரைத் துவையல் அரைத்து, எதிரே நின்று தின்னவைத்தாள். விஷயம் ராஜபாண்டி காதுக்கு எட்டியது. அவன் பதறிப்போய், தலைக்கு ஸ்கேன் எடுக்க நாள் குறித்தான். வெள்ளிக்கிழமை லாட்சைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பூட்டு போட ஆளும் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை. கடைசியாக ஒரே ஒரு தடவை.

சாவியை நைட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள். நாற்காலி வந்தது, டீ வந்தது. தங்கை கல்யாணப் பேச்சு ருசியாகப் போய்க்கொண்டிருந்தபோது கருகல் வாடை வந்தது. அடுப்பில் பருப்பு.

"மன்சூரு, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியா!" என்று கோமதியம்மாள் போனில் அலறினாள். கதவிடுக்கில் புகை. மாடி மாடியாக ஆள் இறங்கியது. யாரோ கடப்பாரை எடுக்க ஓடினார்கள்.

முத்துமாரிக்கு எல்லாம் மறந்துபோனது. பைக்குள் கையை விட்டாள், கதவைத் திறந்தாள், ஓடிப்போய் கேஸை அணைத்தாள்.

திரும்பினால் வாசல் நிறைய முகங்கள். எல்லாக் கண்ணும் கதவில் தொங்கிய சாவியில். எல்லாம் முடிந்தது, இனி டிக்கெட்தான் என்று அவள் தலையைக் குனிந்தாள். கோமதியம்மாள் என்னவோ மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த மன்சூர் அலி சாவியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இந்தப் பிள்ளையாவது சாவிய ஒளிச்சு வச்சிருக்கு. கோமதியக்கா இங்க வந்த புதுசுல இடுப்புல தொங்கவிட்டுக்கிட்டேல்லா என்னையக் கூப்புட்டு விடுவாவ."