வெற்றிலை வராத கல்யாணம்

எல்லார் கண்ணுக்கும் ஒரே காட்சிதான் தெரிகிறது என்று நம்புகிறவர்கள் என்னோடு ஒரு வாரம் குடியிருந்து பார்க்கவேண்டும். எதிரே வருகிறவர் சிரிக்காமல் போனால், அவருக்குப் பல்வலி என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அவர் என்னை வெறுக்கிறார் என்று தோன்றும். சிரித்துவிட்டுப் போனால்? ஐயோ பாவம் என்று சிரித்திருக்கிறார்! எப்படி வழக்காடினாலும் தீர்ப்பு எனக்கு எதிராகத்தான். நீதிபதி நானே என்பதுதான் வேடிக்கை.

இதன் வேர் எனக்குத் தெரியும். தாய் தகப்பன் இல்லாத என்னைச் சித்தப்பா வீட்டில் வளர்த்தார்கள். ஒரு தைப்பூசத்துக்கு எல்லாரும் மாட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். நானும் புதுச் சட்டையோடு காலைத் தூக்கி வைத்தேன். “இடம் இல்லடா, நீ வீட்டப் பாத்துக்க” என்றார் சித்தப்பா. அவர் கொடுமைக்காரர் அல்ல. வண்டி நிஜமாகவே சின்னது. ஆனால் வண்டி சின்னது என்று எந்தப் பிள்ளையும் நினைக்காது, நான் அதிகம் என்றுதான் நினைக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப்பிறகு அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த எத்தனையோ நல்லதுகள் ஒன்றுகூட மனதில் தங்கவில்லை. இடம் இல்லை என்று சொல்லப்பட்ட தருணங்கள் மட்டும் ஒன்றுவிடாமல் தங்கின.

வளர்ந்து, குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கெழுதுகிறவனாக, வேலைக்கு வந்தேன். மழைபெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் எல்லாரும் கூடிப் பேசிச் சிரிப்பார்கள். நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நான் போகமாட்டேன். நான் போகாததால் ‘கிராணிக்குத் தலைக்கனம்’ என்று அவர்கள் கூப்பிட மாட்டார்கள். பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். (இப்படி ஒரு சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போது யோசிக்கவில்லை.)

அந்தக் கதவைத் தட்டிய ஒரே ஆள் அஞ்சலையம்மா, பக்கத்து வீட்டு மண்டோர் வீராசாமியின் மனைவி. மண்டோர் என்றால் கூலிகளை மேய்க்கிறவர். அவர் குரலுக்கு மரத்தில் பால் தானாக இறங்கும் என்பார்கள். அவர்களுக்கு மகன் இல்லை, செல்லம்மா என்று ஒரே மகள். அஞ்சலையம்மா தினமும் எனக்குச் சோறு அனுப்புவார். மிஞ்சியதை அனுப்புகிறார் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். சோறு சுடச்சுட இருந்ததைப் பற்றி நான் விசாரணை நடத்தவில்லை. செல்லம்மா என்னை ‘அண்ணே’ என்பாள். அது மரியாதைக்கு.

செல்லம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் ஜனங்களிடம் அழைப்பு என்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து வாசலுக்கு வந்து கூப்பிடவேண்டும். மண்டோரும் அஞ்சலையம்மாவும் தாம்பாளத்தோடு கிளம்பினார்கள். நான் சட்டையை மாட்டி, தலையைச் சீவி, அப்போதுதான் புத்தகம் படிக்க உட்கார்ந்தவன்போல உட்கார்ந்தேன். தாம்பாளம் லயத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு வாசலாக வந்தது. என் வாசலைத் தாண்டியது. ஆட்டுக்கொட்டகையில் இருந்த கிழவருக்குக்கூட வெற்றிலை கிடைத்தது.

எனக்கு ஆச்சரியமே இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் அஞ்சலையம்மா, “தம்பி, உங்ககிட்ட நல்ல வேட்டி இருக்கா?” என்றார். என் கந்தலைக் குத்திக்காட்டுகிறார் என்று புரிந்துகொண்டேன். மண்டோரோ, “கிராணி, அன்னைக்கு எங்கயும் போயிடாதீங்க லா. ஒங்களுக்கு வேல இருக்கு” என்று, எங்கள் தோட்டத்துப் பேச்சின் வாலான ‘லா’வோடு சொன்னார். இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? எல்லாரும் பந்தலுக்குப் போவார்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும். என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதில் தெரிந்தவன் எதற்குக் கேட்பான்?

கல்யாணத்தன்று விடிந்ததும் குளுவாங் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். ஜொகூர் பாருவுக்கு ரயிலேறி, கடலைப் பார்த்து உட்கார்ந்து, நான் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை என்று துக்கப்படுவதாகத் திட்டம். ரயில் தாமதம். பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, இந்நேரம் அங்கே இலை போட்டிருப்பார்கள், யாரும் என்னைத் தேடமாட்டார்கள் என்று நினைத்துக் கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டேன். அந்த அழுகையில் ஒரு சுகம்கூட இருந்தது, சொன்னால் என்ன.

அப்போது தோட்டத்து லாரி வந்து நின்றது. மண்டோர் பட்டு வேட்டியோடு குதித்து, “கிராணி! கிராணி எங்க?” என்று கத்தினார். யாராயிருந்தாலும் ‘தேடுகிறார்கள்’ என்று நினைத்திருப்பார்கள். எனக்கு, கல்யாண வீட்டில் நகை காணோம், என்மேல் சந்தேகம் என்று தோன்றியது! ஓடிப்போய், சரக்கு மேடையில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட் கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கினேன். புகைபோட்ட ரப்பரின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லவேண்டாம். தும்மினேன்.

“அலமாக்!” என்று மலாயில் ஓர் ‘ஐயோ’ போட்டு மண்டோர் என் காலரைப் பிடித்து இழுத்தார். “மாப்பிள்ள பந்தல் வாசல்ல வெயில்ல நிக்கிறாரு! பொண்ணோட அண்ணன் மால போட்டுக் கையப் புடிச்சு அழைச்சாத்தானே அவரு உள்ள வருவாரு? முகூர்த்தம் போவுது!”

“அதுக்கு... நான் எதுக்கு?”

மண்டோர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு காலரை விடாமலே இழுத்துப்போய் லாரியில் ஏற்றினார்.

பந்தல் வாசலில் மாப்பிள்ளை குடைக்கடியில் சிவந்துபோய் நின்றார். மாலை என்னைவிட வாடியிருந்தது. ரப்பர் மணக்க, அவசரத்தில் நான் போட்ட மாலை அவர் தலைப்பாகையைத் தட்டிக் கீழே தள்ளியது. அவர் குனிய, நானும் குனிய, இரண்டு தலையும் மோதின. பந்தலே சிரித்தது. எப்படியோ கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். முகூர்த்தம் தப்பவில்லை.

தாலி ஏறியதும் அஞ்சலையம்மா என்னைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏன் தம்பி ஓடுனீங்க?”

“வெத்தல வைக்கலியே” என்றேன். சொன்னபோதே வெட்கமாக இருந்தது.

“வெத்தல ஊராருக்குலா வைக்கிறது! பெத்த புள்ளைக்கு எவளாவது வெத்தல வைப்பாளா?” என் தோளில் ஓர் அடி வைத்தார். “அவரு வேல இருக்குன்னு சொன்னாருல்ல? பொண்ணுக்கு அண்ணன்னா என்ன வேலன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன். ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும் உள்ளே ஒரு குரல், ‘வேறு ஆள் கிடைக்காமல் உன்னைப் பிடித்தார்கள்’ என்றது. அது சாகவில்லை. ஆனால் அது பேசுகிறது என்பதை அன்றுதான் முதல்முறை கவனித்தேன். அதுவரை அதை உலகம் சொல்லும் செய்தி என்றல்லவா நம்பியிருந்தேன்!

இன்று செல்லம்மாவின் பிள்ளைகளுக்கு நான் ‘ஓடிப்போன மாமா’. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், “மொதல்ல மாமாவக் கட்டிப் போடுங்க லா!” என்று ஒருவன் கத்துவான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பேன். இவர்கள் என்னை வைத்துச் சிரிக்கிறார்களா, என்னோடு சிரிக்கிறார்களா என்று உள்ளே வழக்கு நடந்து முடியவேண்டாமா?

அதற்குள் செல்லம்மா திரும்பிப் பார்த்துவிடுவாள்.

“என்ன அண்ணே, கெளம்பிட்டீங்களா?” என்பாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

“இல்லம்மா” என்பேன். “இங்கதான் இருக்கேன்.”