சனிக்கிழமைப் பங்கீடு

"ஒருவேளை நமக்குள்ள ஒத்துவரலைன்னா?" என்று பல் டாக்டர் காதல் தொடங்கிய அன்றைக்கே கேட்டிருந்தாள்.

"வரலைன்னா என்ன? சனிக்கிழமை கேரம் நிக்கக்கூடாது. நண்பர்களைப் பங்கு போடக்கூடாது," என்றான் வக்கீல்.

அறிமுகம் செய்துவைத்த தம்பதி பெருமையாகச் சிரித்தார்கள். மனைவி டீச்சர், டாக்டரின் தோழி. கணவன், வக்கீலின் கல்லூரி நண்பன். நண்பர் கூட்டம் சனிக்கிழமைதோறும் கேரம் ஆடுவது அவர்கள் வீட்டில்தான்.

ஒத்துவரவில்லை. காதல் போனதைக்கூட டாக்டர் தாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை போய்விடுமோ என்பதுதான் பயம். மற்ற நாளெல்லாம் அவள் எதிரே வாய் திறப்பவர்கள் யாரும் பேசுகிற நிலையில் இருப்பதில்லை.

டீச்சரே வழி சொன்னாள். "ஒரு வாரம் நீ வா, ஒரு வாரம் அவர் வரட்டும். யாருக்கும் சங்கடமில்லை."

டாக்டரின் முறை வந்தது. டீச்சரின் கணவனைக் காணோம்.

"வெளியூர் போயிருக்கார்," என்றாள் டீச்சர்.

அடுத்த முறையும் வெளியூர். அதற்கடுத்ததும்.

"வக்கீல் வர்ற வாரம் டீச்சர் வீட்டுக்காரர்தான் காபி போடுறார். டீச்சர்தான் அம்மா வீட்டுக்குப் போயிடுறாங்க," என்று கூட்டத்தில் ஒருத்தி காதில் போட்டாள்.

டாக்டர் கணக்குப் போட்டாள். கணவன் வக்கீல் பக்கம், மனைவி தன் பக்கம். பாவம், எவ்வளவு நல்ல தம்பதி.

"டீச்சர் வீட்டுக்காரருக்கு என்மேல கோபமான்னு சும்மா விசாரிச்சுப் பாரேன்," என்று காதில் போட்டவளிடமே சொன்னாள்.

அந்தக் கேள்வி மூன்று வாய் மாறி, 'வக்கீலை வரவேண்டாம்னு டாக்டர் சொல்றாங்க' என்று வக்கீலிடம் போய்ச் சேர்ந்தது. அவன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினான். அவனுக்கு ஆதரவாக இருவர் விலகினார்கள். அவர்கள் விலகியதைக் கண்டித்து இன்னொருவர்.

கடைசியில் டாக்டர் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். வக்கீலுக்கே போன் போட்டாள்.

"நம்மால ஒரு குடும்பம் ரெண்டா நிக்குது. ஒரே நாள்ல போயிடலாமா?"

"எனக்கும் உறுத்தலாத்தான் இருக்கு. போலாம்."

எல்லாரும் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தி வரவழைத்தார்கள். பலகையின் இருபுறமும் பழைய காதலர்கள்.

"நீங்க அடிங்க."

"பரவாயில்லை, நீங்களே அடிங்க."

வெகுநேரம் ஒரு காயும் நகரவில்லை. டீச்சரும் கணவனும் அறையின் இரு மூலைகளில் நின்றார்கள்.

டாக்டர் தொண்டையைச் செருமினாள். "இனிமே வாரம் மாத்தி வர்றதெல்லாம் வேண்டாம். நாங்க சமாதானமாயிட்டோம். நீங்க எங்களுக்காகப் பக்கம் பிரிய வேண்டாம்."

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இத்தனை நாள் தொண்டையிலேயே நின்றதை அவன்தான் மெல்ல எடுத்துவிட்டான்.

"அந்த முறையை மட்டும் மாத்திடாதீங்கம்மா. நாங்க பிரிஞ்சதை யார்கிட்டயும் சொல்லாம சமாளிக்க, எங்களுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."