மீன் மட்டும் காட்டிய கம்ப்யூட்டர்

எங்கள் கல்லூரி செமினார் ஹால் கம்ப்யூட்டர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் ஆறவில்லை.

தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க லாரிகளை நியூட்ரலில் விடுகிறார்கள் என்பது என் எம்.இ. ஆய்வு. அதற்கு ஒரே சாட்சி, ரோட்டோரம் நின்று நான் எடுத்த வீடியோ. (துணைக்கு வந்த அம்மா வாயை மூடவே இல்லை. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுவதாகத் திட்டம்.)

அன்று அந்த ஆய்வுக்கு வைவா. தேர்வாளர் வரும் நேரம். சிடியைப் போட்டால் சத்தம் வந்தது, படம் வரவில்லை. படம் வரவேண்டிய இடத்தில் கலர் கலராகக் கோடுகள் ஆடின.

"கோடெக் இல்லம்மா," என்றார் லேப் உதவியாளர். "ஃபைலுங்கிறது டப்பா மாதிரி. உள்ள இருக்கற சத்தம் எம்பி3, எல்லா மெஷினுக்கும் தெரியும். படத்த வேற மாதிரி சுருக்கியிருக்காங்க. அதப் பிரிக்கிற கோடெக் இதுல இல்ல."

"எங்க வூட்டு கம்ப்யூட்டர்ல ஓடுச்சுங்களே!"

"அதுல போட்டிருப்பாங்க. இதுல போடறதுக்கு அட்மின் பாஸ்வேர்டு வேணும். அது தெரிஞ்சவரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு, போனும் எடுக்கல."

அந்தக் கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் இருக்கிறது. சும்மா விட்டால் திரையில் மீன் நீந்துகிறது. என் படிப்புக்கு வேண்டிய ஒன்று மட்டும் இல்லை! என்ன அநியாயம் இது?

தேர்வாளர் வந்து உட்கார்ந்தார். "சத்தமாவது வருதில்ல? போடும்மா."

"வேண்டாங்க சார்..."

"போடு."

ஹால் முழுக்க அம்மா ஒலித்தார்: "லாரிய எண்ணறதுக்காடி உன்னப் படிக்க வெச்சோம்? மாப்ள வூட்டுக்காரங்க கேட்டா என்னான்னு சொல்றது?"

நிறுத்தப் போனேன். மவுஸ் அம்பு மணல் கடிகாரமாகி உறைந்துவிட்டது. பின்வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பூமி பிளந்திருந்தால் நானே முதலில் குதித்திருப்பேன்.

அப்போது ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தது. சட்டென்று உறுமல் அடங்கியது. டயர் சத்தம் மட்டும் வேகமெடுத்தது, நடுநடுவே பிரேக் காற்று 'புஸ்... புஸ்'.

"சத்தமே காட்டாம எறங்கறான் பாரு, பாவி!" என்றார் அம்மா.

தேர்வாளர் நிமிர்ந்தார். "கியர்ல இருந்தா எறக்கத்துல எஞ்சின் உறுமணும். அடங்கிடுச்சே! வெறும் படத்துல இது எப்படித் தெரியும்? மறுபடி போடு."

அதற்குள் மவுஸுக்கும் உயிர் வந்துவிட்டது. மறுபடி போடுவதென்றால் மறுபடியும் மாப்பிள்ளை வீடு. அந்தத் தேர்வாளர் திருப்தியாகும்வரை ஹாலே என் கல்யாணத்துக்காகக் கவலைப்பட்டது.

பாஸாகிவிட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "என் வாயாலதான் இவ பாஸானா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவழியாக மாப்பிள்ளை வீடும் அமைந்தது. கல்யாண வீடியோக்காரர், "பேச்சுச் சத்தத்த எடுத்துட்டுப் பாட்டுப் போட்டுடலாங்களா?" என்று கேட்டபோது, விஷயம் தெரிந்த என் கணவர்தான் பதறினார்:

"ஐயோ, படம் வராட்டியும் பரவால்லீங்க. எங்க அத்தை பேசறத மட்டும் எடுத்துடாதீங்க!"