கப்பல் மார்க்கும் இஸ்திரிப்பெட்டியும்

காரைக்கால்

மதிப்பும் பாசமும் உள்ள மச்சான் நூருல் அமீன் அவர்களுக்கு, உங்கள் கூடப்பிறந்த லாத்தாவின் கணவன் மன்சூர் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் உங்கள் உடம்பும் வியாபாரமும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நான், உங்கள் லாத்தா நபீசா, மசாலா அரைக்கும் மிஷின் மூவரும் நலம். மிஷினுக்கு மட்டும் பெல்ட் கொஞ்சம் தளர்ச்சி.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் செல்போனை என்னைவிட அதிகம் பார்ப்பது உங்கள் லாத்தாதான். விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது. காகிதத்தில் எழுதினால் அவள் திரும்பியும் பார்க்க மாட்டாள்.

விஷயம் நம் மசாலா பாக்கெட்டில் இருக்கிற கப்பல் மார்க் பற்றியது. ஷார்ஜா சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு அனுப்புமுன் பாக்கெட்டை ஒருமுறை டிசைனரிடம் காட்டுங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். காட்டினேன். வந்த வினை அதுதான். தருமபுரத்தில் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்க்கும் பிரதீபா என்ற பெண், குரும்பகரத்து விவசாயி மகள், பார்க்க சாது. வந்ததும் லோகோவின் மூலப்படம் வேண்டும் என்றாள். செல்போனில் இருந்ததை அனுப்பினேன். "சார், இது ஊரெல்லாம் ஃபார்வர்ட் ஆகி வந்த படம். பெரிசாக்குனா கட்டம் கட்டமா உடையுதுங்க" என்றாள். அப்புறம் ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற அசலையே இறக்கிக் கொடுத்தேன். நிக்காஹ் ஆன வருஷம் உங்கள் லாத்தா தன் கையால் வரைந்த படம். பாய்மரக் கப்பல், கயிறு, கொடி, வரிசையாக அலை, ஓரத்தில் கலங்கரை விளக்கம், இந்தப் பக்கம் தென்னை, அந்தப் பக்கம் தென்னை, சுற்றி வளையமாக நம் கம்பெனி பெயர் தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சு மூன்றிலும். இப்படி ஒரு லோகோ பாண்டிச்சேரியில் உண்டா சொல்லுங்கள்.

அந்தப் பெண் அதை ஸ்கேன் எடுத்துக்கொண்டு போய், மறுபடி வந்து ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். அதே படம், முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவு, அடுத்தது உள்ளங்கை அளவு, கடைசியில் சின்ன பாக்கெட்டில் வருகிற கட்டைவிரல் நக அளவு. தட்டு அளவில் கப்பல் ஜம்மென்று இருந்தது. நக அளவில் அலையெல்லாம் சேர்ந்து ஒரே கறுப்புப் பட்டை, கயிறு காணவே இல்லை, மூன்று பாஷையும் எறும்பு ஊர்ந்த மாதிரி.

"கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இடமே இல்லைங்க சார். பாக்கெட் அடிக்கிறப்ப மை கொஞ்சம் பரவத்தான் செய்யும். பரவுனா அந்த இடம் அடைச்சுக்கும்."

"மை பரவாம அடிக்கச் சொல்லு."

"முழுசா நிறுத்த முடியாதுங்க. அதோட ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி உருளை. ஒண்ணு மயிரிழை நகந்தாலும் கலர் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது. போன தடவை அடிச்சதுல கலங்கரை விளக்கம் எங்க நிக்குது பாருங்க."

பார்த்தேன். கடலுக்குள் நின்றது. புயல் அடித்தால் அப்படித்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அட்டைப்பெட்டியில் ஒரே கறுப்பில் அடித்தால் எப்படி வரும், செல்போனில் சின்ன வட்டத்துக்குள் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். வட்டத்துக்குள் பார்த்தால் யாரோ மை கொட்டிய இடம்.

"படம் நல்ல படம் சார். சுவத்துல மாட்ட வேண்டிய படம். ஆனா பாக்கெட்டுல அது வேலை செய்யல" என்றாள்.

மச்சான், எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சத்தம் போட முடியவில்லை, அடுப்படியில் நபீசா. "இந்தப் படத்தப் பாத்துத்தாம்மா சனங்க நம்ம மசாலாவ வாங்குது, கப்பல் மார்க்குன்னு கேட்டு வாங்குது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "அப்ப வாங்க சார், கேட்டுட்டு வருவோம். நீங்க ஒண்ணும் பேசக்கூடாது" என்று அவள் ஸ்கூட்டரை எடுத்தாள், நான் என் வண்டியை எடுத்தேன்.

திருவேட்டக்குடியில் பஞ்சநாதன் கடை உங்களுக்குத் தெரியும், நம் சரக்கு அதிகம் போகிற கடை. ஓரமாக நின்றோம். மீன் கூடையோடு ஒரு அம்மா வந்தாங்க. வந்து என்ன கேட்டாங்க தெரியுமா?

"அந்த இஸ்திரிப்பெட்டி மசாலா ரெண்டு குடுங்க."

பஞ்சநாதன் கண்ணை மூடிக்கிட்டு நம்ம பாக்கெட்டைச் சரத்துலேருந்து கிழிச்சுக் குடுக்கிறாரு. பேசக்கூடாதுன்னு சொன்னதெல்லாம் மறந்து போச்சு. "எது இஸ்திரிப்பெட்டி? அது கப்பலும்மா" என்றேன். அந்த அம்மா பாக்கெட்டைத் தள்ளிப் பிடிச்சுப் பாத்தாங்க. "கப்பலா? எங்க வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் கடலுக்குப் போறவங்கதாங்க. கப்பல் எங்களுக்குத் தெரியாதா? இந்தா அடிப்பக்கம் தட்டை, மேல கைப்பிடி. இது பெட்டிதாங்க." பஞ்சநாதன் வேறு, "இங்க எல்லாரும் அப்படித்தாங்க கேப்பாங்க, நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல" என்கிறாரு.

பிரதீபா புதுசாக ஒன்று வரைந்து வைத்திருக்கிறாள். ஒரு கப்பல், ஒரே பாய், கீழே தடித்த ஒரு அலை, அவ்வளவுதான். பழைய படத்திலிருந்து பாயின் வளைவை மட்டும் அப்படியே எடுத்திருக்கிறாளாம். நக அளவிலும் கப்பலாகத்தான் தெரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். பழைய படத்தை நம் கம்பெனி வாசலில் பெரிதாக மாட்டிக்கொள்ளலாம் என்கிறாள். எல்லாம் சரி. ஆனால் நபீசாவிடம் யார் சொல்வது? உன் படத்தை ஊரே இஸ்திரிப்பெட்டி என்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது மச்சான். லோடு ஏறும்போதெல்லாம் வாசலில் நின்று சரக்கு மேல் இருக்கிற அந்தப் படத்தைப் பார்ப்பாள், அது எனக்குப் போதும். இப்போதே மனசு கேட்காமல் காலை டீயை நானே போட்டுக் கொடுக்கிறேன், கேட்காமலே கொடுவா மீன் வாங்கி வருகிறேன். ஆகவே நீங்கள் பார்ட்னர் என்ற முறையில் போன் செய்து, பழைய படமே இருக்கட்டும், மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஷார்ஜா போனால் போகட்டும்.

உங்கள் வீட்டில் அனைவருக்கும் என் சலாம். பிள்ளைகளின் படிப்பிலும் உங்கள் சம்பாத்தியத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. உறையை ஒட்டப் பசை நபீசாவிடம்தான் இருக்கிறது, இதை அவளிடமே கொடுத்து ஒட்டி அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மன்சூர் அலி

பின்குறிப்பு: தம்பி, நான் உன் லாத்தா எழுதுறேன். பசை காயுறதுக்குள்ள சொல்லிடுறேன். பிரதீபாவுக்கு போன் போட்டு வரச் சொன்னதே நான்தான். கல்யாணமான வருஷம் நான் வரைஞ்சது ஒரு கப்பல், ஒரு பாய், ஒரு அலை, அவ்வளவுதான். அப்புறம் உன் மச்சான் ஒவ்வொரு நாளா வந்து, "நபீசா, ஒரு தென்னை போடேன். அந்தப் பக்கமும் ஒண்ணு போட்டா நிறைவா இருக்கும். நம்ம ஊரு கலங்கரை விளக்கம் இல்லாட்டி எப்படி?"ன்னு கேட்டுக் கேட்டு, அவங்க சந்தோஷத்துக்கு நானும் போட்டுக்கிட்டே இருந்தேன். பிரெஞ்சும் அவங்க ஆசைதான். லோடு ஏறுறப்ப வாசல்ல நின்னு என் கப்பல் எங்க போச்சுன்னுதான் தேடுவேன். இப்ப அந்தப் பொண்ணு வரைஞ்சதைப் பாத்தேன், கிடைச்சிடுச்சு. நீ போன் பண்ணி புதுசே அடிக்கச் சொல்லிடு. ஆனா இதையெல்லாம் நான் படிச்சேன்னு மட்டும் உடனே சொல்லிடாதே. டீ நல்லாவே போடுறாங்க, நோன்பு வரைக்குமாவது போடட்டும்.