கடைசி சீட்டின் பட்டப்பெயர்

உங்கள் பக்கத்திலும் ஒருவர் இருப்பார். 'உரிமைக்காரர்' என்று வைத்துக்கொள்வோம். கல்யாண வீட்டில் யாரையும் கேட்காமல் சமையல்கட்டுக்குள் புகுந்து வடையைக் கடிப்பார், இரண்டாம் சந்திப்பிலேயே தோளில் கை போடுவார், மூன்றாம் சந்திப்பில் உங்கள் வீட்டார் மட்டும் கூப்பிடும் பெயரால் உங்களை நடுத்தெருவில் அழைப்பார். கேட்டால், "நமக்குள்ள என்னங்க!" அந்த 'நமக்குள்ள' இருக்கிறதே, அதில்தான் வம்பு.

அணுபுரம் குவார்ட்டர்ஸ் பரணிதரன் இந்த இனத்தில் ஒரு முத்து. ஆபீஸ் பஸ்ஸின் கடைசி சீட்டில் கருங்குழிக்காரர்கள் ஜோஷ்வாவும் சின்னையனும் அடிக்கும் கூத்தைப் பார்த்துப் பார்த்து, அங்கே ஓர் இடம் கிடைக்காவிட்டால் உயிர் தரிக்காது என்றாகிவிட்டது அவருக்கு. டீ வாங்கிக் கொடுத்தார், மாமல்லபுரத்துக்கு மீன் வறுவல் தின்னக் கூட்டிப்போனார், 'இன்னா' போட்டுப் பேசப் பழகினார். ஒருநாள் அவர்களும் "வா மச்சான், குந்து" என்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கெல்லாம் மனிதர் தரையில் நடக்கவில்லை.

ஒரே ஒரு குறை. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் 'சேத்துக்காலா' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். இவரை அப்படிக் கூப்பிடுவதே இல்லை.

"இன்னாடா சேத்துக்காலா, ஷூவுக்குப் பாலிஷா?"

"உங்கப்பன் நட்ட சேத்துலதான்டா எங்கப்பனும் நட்டான், மூடுடா சேத்துக்காலா!"

இரண்டு வீட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கூலிக்குப் போனால் பண்ணைவீட்டார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாசலுக்கு வெளியே நிறுத்துவார்கள். அதையே பிள்ளைகள் பிடுங்கிவந்து பந்தாடினார்கள். அப்போதும் பெற்றவர்கள் காதில் விழ விடமாட்டார்கள். பரணிதரன் பார்த்ததோ சிரிப்பை மட்டும்.

ஜோஷ்வா ஊரில் வீடு கட்டினார். கூடம் முழுக்க வெள்ளை டைல்ஸ். ஜெபம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் பிரியாணிக்கு உட்கார்ந்திருக்க, தோட்டத்திலிருந்து வெறுங்காலோடு வந்த ஜோஷ்வாவைப் பார்த்து பரணிதரன் கூடம் அதிர முழங்கினார்:

"டேய் சேத்துக்காலா! டைல்ஸ் அழுக்காயிடும், வெளியவே நில்லு!"

யாராவது சிரித்தார்களா? தட்டோடு உட்கார்ந்திருந்த ஜோஷ்வாவின் அம்மா ஞானம்பாள், தன் பாதங்களை மெதுவாகச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். சொந்த மகன் வீட்டில்!

"நீங்களே சொல்லிக்கிறீங்களே?" என்று பரணிதரன் சின்னையனிடம் முனகினார்.

"நான் சொன்னா அவன் அதையே எம்மேல திருப்பிப் போடுவான், சரியாப்பூடும். நீ சொன்னா, உன்னை நாங்க இன்னான்னு திருப்பிக் கூப்புடறது? உங்க வூட்ல யாரை எவன் வெளிய நிக்க வெச்சான்?"

பரணிதரன் மன்னிப்புக் கேட்டார், "பரவால்ல" என்றார்கள்.

திங்கட்கிழமை பஸ் ஏறினார். ஜோஷ்வா எழுந்தே நின்றார்.

"வாங்க சார். முன்னாடி சீட்டு காலியா கீது சார்."

எவ்வளவு மரியாதை! பரணிதரன் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

அது சரி, நீங்கள் ஏன் இவ்வளவு சிரிக்கிறீர்கள்? போன மாதம்வரை உங்களை 'டா' போட்டவர்கள் யாராவது இப்போது 'வாங்க, உட்காருங்க' என்கிறார்களா? சும்மாதான் கேட்டேன். முன் சீட்டில் காற்று நன்றாகத்தான் வரும்.