கம்பத்தில் இறங்கிய அம்மன்

நீலசந்திராவில் அந்த வாரம் அம்மன் இறங்கியிருந்தாள். கோயிலில் அல்ல, கரண்ட் கம்பத்தில்! கம்பத்தில் ஒரு வெள்ளைத் தாள். தாளில் முள் இல்லாத கடிகாரப் படம். அதன் கீழே ஒரே வரி: 22 2 55 33 777 999. யார் ஒட்டினார்கள், எதற்கு ஒட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. விவரம் இல்லாத இடம் கிடைத்தால் சாமி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகும்?

சாமியைக் கண்டுபிடித்தவர் உத்தமன். போன வருஷம் வரை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் திருஷ்டிக் கயிறு விற்றவர். இப்போது எண்சித்தர். தாளைக் கிழித்துப் போய், ஜெராக்ஸ் போட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவினார். தட்சணை ஐம்பத்தொரு ரூபாய்.

"அம்மா நம்பர்ல லெட்டர் போட்டிருக்கா. எழுத்து ஒண்ணுதான், ஆளுக்கு ஆள் அர்த்தம் வேற. ஒருத்திக்கு மாப்பிள்ளை, இன்னொருத்தனுக்கு வெளிநாடு. படிக்கிற வரம் எனக்கு மட்டும்தான் குடுத்திருக்கா."

கறிக்கடை பாயிலிருந்து ஆட்டோ முனிராஜ் வரை தெருவே வரிசையில் நின்றது. அம்மனுக்கு மதபேதம் கிடையாது, தட்சணைக்கும்தான்.

எதிர்த்த பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் சங்கமித்ரா. அந்த லெட்டரை எழுதியதே அவள்தான்.

சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர் வேலை பார்க்கிறவள். அது 2005. அவளும் கூட்டாளி விக்கியும் சேர்ந்து அறுபது நண்பர்களுக்காக ஒரு புதிர் வேட்டை நடத்திக்கொண்டிருந்தார்கள். மைக்கேல்ராஜ் என்று ஒரு கடிகாரக்காரரைக் கற்பனையாகப் பெற்றெடுத்து, பிரேசர் டவுனில் குடிவைத்து, ஒரு நாள் காணாமல் போகவும் செய்தார்கள். அவருக்கு ஒரு வெப்சைட், அதில் டைரி. டைரியில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் கோத்தால் ஒரு தெருப் பெயர் வரும். அந்தத் தெருக் கம்பத்தில் நம்பர் தாள். தாளை அவிழ்த்தால் ஒரு சொல். அதை வெப்சைட் முகவரியின் வாலில் சேர்த்தால் புதுப் பக்கம். இப்படியே ஆறு வாரம் தேடி ஆளைப் பிடிக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கட்டம்.

ஆட்டத்துக்கு ஒரே சட்டம்தான். இது விளையாட்டு என்று யாரும், எப்போதும், எங்கேயும் சொல்லக் கூடாது. சொன்னால் ருசி போச்சு.

ருசி நன்றாகவே வேலை செய்தது. தாளைத் தேடி வந்த ஆட்டக்காரர்கள் வெறும் கம்பத்தைப் பார்த்தார்கள், பக்கத்தில் தாளோடு உட்கார்ந்த உத்தமனைப் பார்த்தார்கள், அவரும் ஆட்டத்தில் ஒரு நடிகர் என்றே முடிவுகட்டினார்கள். கழுத்தில் கம்பெனி அட்டையோடு வரிசையில் நின்றார்கள். இன்ஜினியர் ராகேஷ் நோட்டுப் புத்தகமே வாங்கிவிட்டான்.

"சாமி மூணு தடவை இருமினார். ஒண்ணு நீளம், ரெண்டு குட்டை. மோர்ஸ் தந்தி பாஷையில அது டி!"

படித்தவன் மடத்தனத்துக்கு நோட்டுப் புத்தகம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் தெரு அப்படிப் பார்க்கவில்லை. "பாத்தியா, கம்ப்யூட்டர் ஆளுங்களே நிக்கிறாங்க! சும்மாவா?" என்று வரிசை இன்னும் நீண்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த மஞ்சள் தாள் சங்கமித்ராவின் வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்தவள் அம்மா லட்சுமம்மா. கார்மென்ட்ஸில் தையல் வேலை. கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்கத் தடவிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் கண் சரியாகவில்லை என்றால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லியாயிற்று. வியாழக்கிழமை ஆபரேஷன். தவறினால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து.

"மித்ரா, ஆபரேஷன் வேணாம்டி. ரெண்டுன்னா ரெண்டு கண்ணு. இருபத்திரண்டு நாள் கண்ணுல இரும்பு படக் கூடாதுன்னு அம்மா எழுதியிருக்காளாம்."

"எந்த அம்மா? அதை எழுதினது நான்மா!"

"நீ எழுதியிருந்தா இத்தனை நாள் ஏன் வாயைத் தெறக்கல?"

சங்கமித்ரா சுவரைப் பார்த்தாள். சந்தேகப்படு, சோதித்துப் பார் என்று சொன்ன புத்தர் சுவரில் படமாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சை அந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

விக்கிக்குப் போன் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? ஞாயித்துக்கிழமை பைனல். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம், மித்ரா."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆபரேஷன் தேதி போயிடும், அப்புறம் எங்கம்மா வேலையும் போயிடும், கண்ணும் போயிடும். உன் பைனலைத் தூக்கிக் குப்பையில போடு."

புதன்கிழமை காலை அம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் உத்தமன் முன்னால் நின்றாள்.

"சாமி, இதைப் படிக்க வரம் வேணுமா?"

"ஏழு ஜென்மத்து வரம் வேணும், தாயி."

"நோக்கியா போன் போதும். எல்லாரும் போனை எடுங்க. மெசேஜ் எழுதுற எடத்துக்குப் போங்க. இங்கிலீஷ் எழுத்து. வார்த்தையை அதுவே ஊகிக்கிறதை நிறுத்திடுங்க. ரெண்டாம் நம்பரை ரெண்டு தடவை அழுத்துங்க. நிறுத்துங்க. திரும்ப ரெண்டு, ஒரே ஒரு தடவை. அஞ்சு, ரெண்டு தடவை. மூணு, ரெண்டு தடவை. ஏழு, மூணு தடவை. ஒன்பது, மூணு தடவை."

தெரு முழுக்க டிக் டிக் என்று சத்தம். முனிராஜ்தான் முதலில் எழுத்துக் கூட்டினார்.

"பி... ஏ... கே... பேக்கரி!"

"எனக்கும் பேக்கரி," என்றார் கறிக்கடை பாய்.

"எனக்கும்!" "எனக்கும்!" நாற்பது போனிலும் பேக்கரிதான். மூச்சுக்கட்டிப் பார்த்தும் ஒருவருக்குக்கூட மாப்பிள்ளையோ, வெளிநாடோ, இரும்போ வரவில்லை.

உத்தமன் லேசுப்பட்ட ஆளா? கண்ணை மூடினார். "அம்மாதான் உன் கையைப் பிடிச்சு எழுத வெச்சா."

"சரி சாமி. அப்போ அம்மா எழுதினது பேக்கரி. பேக்கரிக்கும் எங்கம்மா கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

சாமி தட்சணைப் பணத்தை மடியில் கட்ட ஆரம்பித்தார். சங்கமித்ரா விடவில்லை. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் மைக்கேல்ராஜ் வெப்சைட்டைத் திறந்து, முகவரியின் வாலில் அந்தச் சொல்லைச் சேர்த்தாள். வெற்று வெள்ளைப் பக்கம் வந்தது.

"ஒண்ணுமே இல்லையே!" என்றது கூட்டம்.

"வெள்ளை மேல வெள்ளை எழுத்து. மவுஸை அழுத்தி மேலேர்ந்து கீழ இழுங்க."

முனிராஜ் இழுத்தார். நீலப் பட்டையில் எழுத்து எழும்பியது: 'கேக் என்று இந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பு.' முனிராஜ் அனுப்பினார். சங்கமித்ராவின் கைப்பைக்குள் கீங் கீங் என்று சத்தம். இன்னொரு போனை வெளியே எடுத்து, முனிராஜின் மெசேஜை எல்லோருக்கும் காட்டினாள்.

"வர்ற மெசேஜுக்கு ராத்திரி பகலா நானும் விக்கியும் கையால பதில் தட்டிட்டு இருக்கோம். அம்மனும் இல்ல, ஆவியும் இல்ல. இது விளையாட்டு. முதல்லயே சொல்லாதது என் தப்பு."

"கொடு சாமி, என் ஐம்பத்தொண்ணை!" என்றார் பாய். கூட்டம் திரும்பியது. எண்சித்தர் எண்ணிப் பார்க்காமலே சந்துக்குள் பாய்ந்தார். வேட்டி ஒரு பக்கம் பறந்தது, தாடி கழன்று பின்னால் விழுந்தது. தாடி ஒட்டுத் தாடி.

லட்சுமம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்குடி ஆஸ்பத்திரி?"

"எட்டுக்கு, மா."

அதற்குள் ராகேஷ் நோட்டுப் புத்தகத்தோடு சந்துக்குள் ஓடினான். "விடாதீங்க! தாடியைக் கழட்டினதுதான் அடுத்த க்ளூ!"

லட்சுமம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்காவது கண்ணுலதான் புரை."

உலகத்தில் புதிருக்குப் பஞ்சமில்லை, விடை சொல்லக் கை நீட்டுகிறவனுக்கும் பஞ்சமில்லை. அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: 'நீ இல்லாமல் நானே போட்டுப் பார்த்தாலும் இதே விடை வருமா?' வரும் என்றால் அவனுக்குக் காசு எதற்கு? வராது என்றால் உங்களுக்கு அவன் எதற்கு?