இருபத்தைந்து நிமிட இடைவெளி

வேலாயுதம் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று நான் தீர்மானித்து இரண்டு வருடம் ஆகிறது. வேலாயுதம் என் மனைவி சுசித்ராவின் அண்ணன். ஈரோட்டில் இருக்கிறார். அவர் மகன் கல்யாணப் பந்தியில், "இந்த ரசத்தில் கையும் கழுவலாம்" என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். "அப்படின்னா கழுவிட்டுக் கெளம்புங்க மாப்ள" என்றார் அவர். கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சுசித்ராவும் அம்மா வீட்டுப் பக்கம் போகவில்லை.

போன மாதம் பத்திரிகை வந்தது. வேலாயுதம் புது வீடு கட்டியிருக்கிறார். கிரகப்பிரவேசம்.

"போலாமுங்களா?" என்றாள் சுசித்ரா.

போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மைசூரில் மண்டி மொஹல்லாவில் எங்களுக்கு இருப்பது இரண்டே அறை. ஒன்றில் அவள் அழுதால் இன்னொன்றில் நான் சாப்பிட முடியாது. ஆகவே, "தாராளமா போலாம்" என்றேன். போகிற மாதிரி போய், போகாமல் இருந்துவிடுவது என்பது என் திட்டம்.

பஸ் கிடையாது. திம்பம் மலைப்பாதையின் வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். நேராக ஈரோடு போகும் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். மிச்சம் இருந்தது பெங்களூரில் வண்டி மாறுவது. காலை எட்டு ஐந்துக்கு மைசூரில் கிளம்பும் வண்டி பத்து நாற்பத்தைந்துக்குப் பெங்களூர் போய்ச் சேரும். பதினொன்று பத்துக்கு அங்கிருந்து ஈரோட்டுக்கு ஒரு வண்டி. இடைவெளி இருபத்தைந்து நிமிடம்.

நான் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். எதையும் அளக்காமல் விட மாட்டேன். மைசூர் வண்டி கடந்த பதினான்கு நாளில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று செல்போனில் ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். பத்து நாள் அரை மணிக்கு மேல் லேட். இரண்டு நாள் முக்கால் மணி. நேரத்துக்குப் போனது இரண்டே நாள். அதோடு படியேறி, மேம்பாலம் கடந்து, வேறு பிளாட்பாரத்தில் இறங்கப் பத்து நிமிடம். இந்த இணைப்பைப் பிடிக்கவே முடியாது. மனசு குளிர்ந்து போய் இரண்டு டிக்கெட்டையும் போட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பக்கத்து வீட்டு ரங்கம்மா ரயில்வே புக்கிங் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போனேன்.

"முதல் வண்டி லேட்டானா ரெண்டாவது வண்டி நமக்காக நிக்குமாக்கா?"

"நிக்காது. ரெண்டு பிஎன்ஆரையும் சேர்த்து இணைப்புப் பயணமா போட்டிருந்தா, முதல் வண்டி லேட்டாகி ரெண்டாவதை விட்டுட்டா, அந்த ரெண்டாவது டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கேக்கலாம். வந்து சேர்ந்த மூணு மணி நேரத்துக்குள்ள கேக்கணும். ஆனா அப்படிப் போட்டாலும் வண்டி நிக்காது."

"நிக்காதே?"

"நிக்காதுப்பா. ஏன் இவ்வளவு சந்தோஷமா கேக்கறே?"

"சந்தோஷமா? கவலைக்கா."

அன்று சாயங்காலம் சுசித்ராவிடம் டிக்கெட்டைக் காட்டினேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் நேரங்களைப் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு நிமிசம்தானுங்களா?"

"ஓடிப் பிடிச்சிரலாம்."

"செரிங்க."

அவ்வளவுதான். செரிங்க. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் வாங்கி வந்த வெண்டைக்காயைக்கூட உடைத்துப் பார்க்காமல் உள்ளே எடுத்து வைத்தவள் இல்லை. இருபத்தைந்து நிமிட இடைவெளியை அப்படியே ஏற்றுக்கொண்டாள். எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாள் அவள் ரங்கம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்து செல்போனைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்ன பேச்சு?"

"கொத்தமல்லி வெலைங்க."

கொத்தமல்லி விலைக்கு எதற்குச் செல்போன்? ஆனால் கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். 

பயண நாள். அவளை மெதுவாக நடக்க வைக்க, பெரிய பெட்டியில் புது வீட்டுக்கு என்று ஒரு பித்தளை அண்டாவை வைத்திருந்தேன். "பரவால்லீங்க, நீங்கதான தூக்கறீங்க" என்றாள். வண்டி எட்டு ஐந்துக்கே கிளம்பியது. செல்போனில் மணியை இரண்டு முறை பார்த்தேன். மண்டியாவில் ஐந்து நிமிடம் லேட். பிறகு ஒரு வண்டிக்கு வழிவிட்டு நின்றது. ராமநகரில் இருபத்திரண்டு. பெங்களூரை ஒட்டிய கெங்கேரியில் முப்பத்தெட்டு. கடைசித் தூரத்துக்கு டைம் டேபிளில் கூடுதலாக நேரம் வைத்திருப்பார்கள், அதில் லேட்டைக் கொஞ்சம் ஈடுகட்டிவிடும் என்று பயந்தேன். பெங்களூருக்கு வெளியே சிக்னலில் நின்று அந்தக் கூடுதல் நேரத்தையும் வண்டி தின்றுவிட்டது. அப்போதே மணி பதினொன்று பதினெட்டு. செல்போனில் ஈரோடு வண்டியைப் பார்த்தேன். சரியான நேரம் என்று போட்டிருந்தது.

"சுசி, போச்சு. பதினொன்னு பத்துக்கே கெளம்பிருக்கும்."

"அப்படிங்களா?" அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"லாங் வீக்கெண்ட். பஸ்ல நிக்கக்கூட எடமிருக்காது. மனசைத் தேத்திக்கோ. மைசூருக்கே திரும்பிரலாம்."

"சட்னி போதுமுங்களா?"

பதினொன்று இருபத்து மூன்றுக்குப் பிளாட்பாரம் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நான் அண்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். சுசித்ரா நகரவில்லை.

"எறங்கலையா?"

"எதுக்குங்க எறங்கோணும்?"

வெளியே அறிவிப்பு வந்தது. கன்னடத்தில்தான். ஈரோடு போகும் வண்டி ஐந்தாம் பிளாட்பாரத்தில் இருக்கிறது. நான் தலையை நீட்டிப் பார்த்தேன். தலைக்கு மேல் ஐந்து என்று எழுதியிருந்தது.

"நீங்க மைசூர் வண்டி எத்தன நாள் லேட்டுன்னு பாத்தீங்கல்ல," என்றாள் சுசித்ரா நிதானமாக. "ஈரோட்டு வண்டி எத்தன நாள் லேட்டாக் கெளம்புச்சுன்னு பாத்தீங்களா? நான் பாத்தனுங்க. இது அர மணி லேட்டான அன்னைக்கெல்லாம் அதுவும் லேட்டு. இது நேரத்துக்கு வந்த ரெண்டு நாளும் அதுவும் நேரத்துக்குக் கெளம்பிருக்குது. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ரங்கம்மாக்காகிட்டக் கேட்டேன். இந்த ரயில் பெட்டிங்களேதான் வண்டி நம்பர் மாறி ஈரோடு போகுதாம். இது வராம அது கெளம்பாது."

"போன்ல சரியான நேரம்னு போட்டிருக்கே!"

"கெளம்பற ஊர்ல வண்டி நகர்ற வரைக்கும் அப்படித்தான் காட்டுமாம். நீங்க பாத்தது டைம் டேபிளுங்க."

"அக்கா எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"வண்டி நிக்குமான்னு கேட்டீங்க. நிக்காதுன்னு சொன்னாங்க. எந்த வண்டின்னு நீங்க சொல்லலையாம்."

பெட்டியைக் கீழே வைத்தேன். எங்கள் அடுத்த டிக்கெட் இதே கோச்சில் நாலு சீட் தள்ளி. நடந்து போய் உட்கார்ந்தோம். அவள் ஜன்னல் பக்கம். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"ரெண்டு வருசங்க," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "போக வேண்டாம்னா வாயால சொல்லிருக்கலாம். நான் தனியாப் போயிருப்பேன். வண்டியக் காரணமாக்கிட்டீங்களே."

அண்டாப் பெட்டியைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டேன்.  அந்த ரசம்கூட அவ்வளவு மோசமில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

அவள் செல்போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். "அண்ணா, வண்டி லேட்டு. ஆனா ஏறிட்டோம். இரு, இவரு உங்கூடப் பேசோணுங்கறாரு" என்று என் காதில் வைத்தாள். வண்டி அசைந்தது. இனி இறங்கவும் முடியாது.

"மச்சான்," என்றேன், "அன்னைக்கு ரசம் நல்லாத்தான் இருந்துச்சு."

 வேலாயுதம் சொன்னார்: "நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு தங்கச்சி போன வாரமே சொல்லிருச்சுங்க மாப்ள. நாளைக்குப் பந்தியில ரசம் ஊத்தறது நீங்கதான்."